திரும்பி வரும் நாளுக்கான பணம்

(கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் சம்பளம் முழுவதையும் வீட்டுக்கே அனுப்பினால், திரும்பும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. மாதம் 300 டொலர் உழைப்பவர் 200ஐ வீட்டுச் செலவுக்கு அனுப்பட்டும். மீதி 100ஐத் தன் பெயரிலேயே வங்கியில் திறந்த தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே போடட்டும். பத்து மாதத்தில் 1,000 டொலர் சேரும்.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. அந்த 1,000 டொலரை ரூபாயாக மாற்றியவரிடம் 2 இலட்சமே நின்றது. டொலராக வைத்தவருக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். பின்னர் ரூபாய் ஓரளவு மீண்டது. அதனால் டொலரும் எப்போதும் ஏறும் என்று நம்பக் கூடாது. சீக்கிரம் தேவைப்படும் பணத்தை ரூபாயிலும், திரும்பி வந்து வீடு கட்டவோ கடை போடவோ வேண்டிய பணத்தை டொலரிலும் பிரித்து வைப்போம்.