ஒரு குளியலுக்கு எவ்வளவு? கீசரா, கேஸா?

இந்த எபிசோட் எங்க வீட்டு சண்டையில இருந்து ஆரம்பிக்குது. லாஸ்பேட்டையில மார்கழி வந்தா காலையில குழாய்த் தண்ணி கொஞ்சம் சில்லுனுதான் இருக்கும். நான் கீசரைப் போட்டா அம்மா, “கரண்ட் பில்லு யாரு கட்டுறது? அடுப்புல ஒரு குண்டான் வச்சுக் குடுத்தா போதாதா?”ன்னு கேட்பாங்க. ஒரு நாள் நோட்டை எடுத்துட்டு உக்காந்துட்டேன்.

இதுல ஃபிசிக்ஸ் ரொம்பக் கம்மிதான். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேணும். ஒரு யூனிட் கரண்ட்ல 860 கிலோ கலோரி இருக்கு. அதனால லிட்டரை டிகிரி உயர்வால பெருக்கி, 860-ஆல வகுத்தா யூனிட் வந்துடும்.

எங்க பக்கெட் 20 லிட்டர். தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன்: குழாய்த் தண்ணி 25 டிகிரி, எனக்கு இதமா இருக்கிறது 40 டிகிரி. உயர்வு 15. அப்போ 300 கிலோ கலோரி, அதாவது 0.35 யூனிட். யூனிட் 6 ரூபாய்னு வச்சா 2 ரூபாய் 10 காசு.

இப்போ கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய்னு வச்சா ஒரு கிலோ 63 ரூபாய் சொச்சம். ஒரு கிலோ எரிஞ்சா சுமாரா 11,000 கிலோ கலோரி வரும். ஆனா அவ்வளவும் தண்ணிக்குப் போகாது. அடுப்புல குண்டானைச் சுத்தி தீ வெளிய ஓடிடும். 60 சதவீதம் தண்ணிக்குப் போகுதுன்னு எடுத்தா 300-க்கு 500 எரிக்கணும். அது 45 கிராம், 2 ரூபாய் 90 காசு. கேஸ் கீசர்னா 80 சதவீதம்னு வச்சுக்கலாம். 34 கிராம், 2 ரூபாய் 15 காசு.

ஆக, யூனிட் 6 ரூபாய் 20 காசுக்குக் கீழ இருக்கிற வரை கேஸ் கீசரை விட கரண்ட் மலிவு. அடுப்போட ஒப்பிட்டா இந்த எல்லை 8 ரூபாய் 25 காசு. ஆனா நீங்க போட வேண்டிய ரேட் உங்க பில்லோட சராசரி இல்ல. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் எப்படியும் ஓடும். கீசர் அதுக்கு மேல ஏறுறது. அதனால கடைசி ஸ்லாப் ரேட்டைப் போடுங்க. கோரிமேட்டைத் தாண்டின நண்பர்களோட பில்லைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அங்க கொஞ்சம் யூனிட் இலவசம்; நம்ம ரேட்டை முடிவு பண்றது இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அது வேற கணக்கு.

சரி, நான் ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன். மீட்டரைப் பார்த்ததும்தான் அம்மா சொன்னதுலயும் விஷயம் இருக்குன்னு புரிஞ்சது. கீசரைப் போடுறதுக்கு முன்னாடி ரீடிங், அது கட் ஆனதும் ரீடிங். ஏறினது 0.35 இல்ல, 0.6 சொச்சம்! காரணம் என்னன்னா, கீசர் பக்கெட்டை சூடாக்கல, 15 லிட்டர் டேங்கை 60 டிகிரிக்கு சூடாக்குது. 15-ஐ 35-ஆல பெருக்கினா 525, அதாவது 0.61 யூனிட். 2 கிலோவாட் காயில்னா 18 நிமிஷம். அந்த 60 டிகிரி தண்ணியில என் பக்கெட்டுக்குத் தேவை எட்டரை லிட்டர்தான், மிச்சம் பச்சைத் தண்ணி. டேங்க்ல நின்ன ஆறரை லிட்டர் வெந்நீர்ல கால் யூனிட் இருக்கு. யாரும் உடனே குளிக்கலைன்னா அது மெல்ல ஆறிப் போகும். அப்போ என் குளியல் 3 ரூபாய் 65 காசு. அடுப்பை விட அதிகம்.

இதுக்கு மேல இன்னொரு தப்பும் பண்ணிட்டு இருந்தேன். சுவிட்சை அணைக்காமலே குளிப்பேன். நான் வெந்நீர் எடுக்க எடுக்க பச்சைத் தண்ணி உள்ள வரும், தெர்மோஸ்டாட் திரும்ப ஆன் ஆகும். நான் துவட்டிட்டு வெளிய வந்த பிறகும் யாருக்கும் இல்லாத தண்ணி காய்ஞ்சுட்டே இருக்கும். உங்க வீட்டுலயும் இப்படியான்னு பார்க்க, குளிச்சு 10 நிமிஷம் கழிச்சு கீசர் லைட் எரியுதான்னு பாருங்க.

இப்போ தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்கிட்டேன். டேங்கை காய்ச்ச 0.35 யூனிட்தான், அதே தண்ணியோட 5 லிட்டர் பச்சைத் தண்ணி கலந்தா பக்கெட் நிறையும். கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது. அம்மாவும் அடுத்து குளிக்கிறாங்கன்னா மட்டும் 60, சுவிட்சை அணைச்சிட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்.

ஷவர்காரங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. நிமிஷத்துக்கு 8 லிட்டர் வர்ற ஷவர்ல 6 நிமிஷம் நின்னா 48 லிட்டர், 5 ரூபாய். அங்க கேஸா கரண்டாங்கிறதை விட நிமிஷம்தான் முக்கியம்.

கேஸ் கீசர் வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம், இதுல காசு பேச்சே இல்ல. அதை மூடின பாத்ரூமுக்குள்ள மாட்டாதீங்க. காத்து பத்தாம எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். மணமே இருக்காது, தலை சுத்துறதுக்குள்ள ஆள் விழுந்துடலாம். வெளிய, காத்தோட்டமான இடத்துல மாட்டி பைப்பை உள்ள கொண்டு வாங்க. அப்போ பைப்ல நிக்கிற பச்சைத் தண்ணி முதல்ல வரும், அதை பக்கெட்லயே பிடிச்சுக்கோங்க.

அம்மாகிட்ட நோட்டைக் காட்டினேன். “சரி, தங்கச்சி ஷவர்ல 20 நிமிஷம் நிக்கிறாளே, அதைப் போடு”ன்னாங்க. போட்டேன். 17 ரூபாய் வருது. இன்னும் அவகிட்ட சொல்லல.