காலையில் பார்த்த மாடு எப்போது பருவத்துக்கு வந்தது?

கால்நடை வளர்ப்பு படிக்க வரும் மாணவர்கள் முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளும் விதி ஒன்று உண்டு. கறவை மாட்டிடம் சினைப்பருவ அறிகுறி காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி போடு, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை போடு என்பது அந்த விதி. 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டிரிம்பர்கர் செய்த ஆய்வுகளில் பிறந்து, உலகம் முழுக்கப் பரவியது. விதியில் பிழை இல்லை. ஆனால் பருவம் எப்போது தொடங்கியது என்று ஓரளவு தெரிந்தவருக்காக வகுத்த விதி அது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கடலோரத்தில், செம்பனை சூழ்ந்த கேரி தீவு போன்ற இடத்தில், பால் கறக்கும்போது மட்டும் தினம் இருமுறை மாட்டைப் பார்ப்பவர் அதை அப்படியே கடைப்பிடித்தால் பல மாடுகளுக்கு ஊசி தாமதமாகிவிடும். ஏன் என்று இன்று விளக்குகிறேன்.

முதலில் மாட்டின் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒரு பசு சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. 18 முதல் 24 நாள் வரை இயல்புதான். இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல், முதுகைக் கொடுத்து அசையாமல் நிற்கிறதே, அந்த முதல் கணத்தைத்தான் பருவத்தின் தொடக்கம் என்கிறோம். அதிலிருந்து ஏறத்தாழ 28 மணி நேரம் கழித்து, அதாவது மாடு அமைதியாகி வெகுநேரம் ஆன பிறகு, சூலகத்திலிருந்து கருமுட்டை வெளியாகிறது. வெளிவந்த முட்டை சுமார் 6 முதல் 10 மணி நேரம்தான் நல்ல நிலையில் இருக்கும். விந்தணுக்கள் ஒரு நாள் அளவுக்கு உயிரோடு இருக்கும். ஆனால் கருப்பைக்குள் போனவுடனே அவற்றால் முட்டையைத் துளைக்க முடியாது. பக்குவப்படவே 6 முதல் 8 மணி நேரம் ஆகும். ஆகவே முட்டை வருவதற்கு முன்பே பக்குவப்பட்ட விந்தணுக்கள் கருக்குழாயில் தயாராக நிற்க வேண்டும். நாம் குறிவைக்க வேண்டியது முட்டை வெளியாகும் நேரத்தை. கண்ணுக்குத் தெரியாத அந்த நேரத்தைப் பருவம் தொடங்கிய நேரத்தைக் கொண்டு கணக்கிடுவதைத் தவிர நமக்கு வழி இல்லை.

தாமதமாகப் போட்டாலும் முட்டையோடு விந்தணு சேர்ந்துவிடுமே, அதில் என்ன கெடுதல் என்று தோன்றலாம். இதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வு ஒன்று பதில் சொன்னது. பருவம் தொடங்கியவுடனே ஊசி போட்ட மாடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் முட்டை கருவுற்றது. 24 மணி நேரம் கழித்துப் போட்டவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கருவுற்றது. இதோடு நிறுத்தினால் தாமதமே நல்லது என்று தோன்றும். ஆனால் அந்தக் கருக்களை எடுத்துப் பார்த்தபோது, சீக்கிரம் போட்டவற்றின் கருக்களே பெரும்பாலும் தரமாக இருந்தன. தாமதமாகப் போட்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தரம் குறைந்தவை. காத்திருந்து மூப்படைந்த முட்டை கருவுற்றாலும் அந்தக் கரு நிலைப்பதில்லை. 1998-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 17 பண்ணைகளின் மாடுகளுக்கு வால் அடியில் உணர்கருவி ஒட்டி, பருவம் தொடங்கிய கணத்தையே பதிவு செய்தார்கள். தொடங்கி 4 முதல் 12 மணி நேரத்துக்குள் ஊசி போட்ட மாடுகளே நன்றாகச் சினை பிடித்தன. 16 மணி நேரத்தைத் தாண்டியவற்றில் பலன் குறைந்தது.

இப்போது கேரி தீவில் ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். சாஹிவாலும் பிரீசியனும் கலந்த, மலேசியாவில் மாஃப்ரிவால் என்று அழைக்கப்படும் இனம். பகலில் செம்பனைக்கடியில் மேய்ச்சல், இரவில் கொட்டகை. காலை 6 மணிக்குக் கறக்கப் போகும்போது மற்றொரு பசு இதன்மேல் ஏறுகிறது, இது அசையாமல் நிற்கிறது. முந்தைய மாலை 6 மணிக்குப் பார்த்தபோது அப்படி ஒன்றும் இல்லை. அப்படியானால் பருவம் தொடங்கியது முந்தைய மாலை 6 மணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். மாலை 6 மணிக்கே தொடங்கியிருந்தால் முட்டை இன்று இரவு 10 மணிக்கு வெளியாகும். விதிப்படி இன்று மாலை 6 மணிக்கு ஊசி போட்டால் முட்டைக்கு நான்கே மணி நேரம் முன்பு விந்து உள்ளே போகிறது. விந்தணு பக்குவப்படும் முன்பே முட்டை வந்து காத்துக்கிடக்கும். அதே ஊசியைக் காலை 10 மணிக்குப் போட்டால்? பருவம் மாலை 6 மணிக்குத் தொடங்கியிருந்தால் 16 மணி நேரம் ஆகியிருக்கும். விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கியிருந்தால் நாலரை மணி நேரம். இரண்டுமே நாம் தாங்கக்கூடிய எல்லைக்குள் வருகின்றன. தொடக்கம் தெரியாத மாட்டுக்கு முற்பகல் ஊசியே பொருத்தம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மாலை 5 மணிக்கு முதன்முதலாகத் தெரிந்த மாட்டின் கணக்கு இன்னும் நெருக்கடியானது. காலை 6 மணிக்குப் பிறகு எப்போதோ தொடங்கியிருக்கும். மறுநாள் காலை 7 மணி வரை காத்திருந்தால், காலையிலேயே தொடங்கிய மாட்டுக்கு 25 மணி நேரம் கடந்துவிடும். அன்று இரவு 9 மணிக்குள் போட முடிந்தால் சரி. ஆனால் பெருநிலத்திலிருந்து பாலம் தாண்டி ஆள் வர வேண்டிய தீவில் அது எல்லா நாளும் நடக்காது. அப்போது நம்மால் மாற்ற முடிந்தது ஊசி நேரத்தை அல்ல, பார்க்கும் நேரத்தைத்தான். நடுப்பகலில் ஒருமுறையும் படுக்கப் போகும் முன் 10 மணி அளவில் ஒருமுறையும் இருபது நிமிடம் நின்று பார்த்தால் போதும். 6 மணிக்கு இல்லாத அறிகுறி இரவு 10 மணிக்கு இருந்தால் தொடக்கம் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த மாட்டுக்கு மறுநாள் காலை 8 மணி ஊசி மிகச் சரியான நேரத்தில் விழும்.

இந்த இரவுப் பார்வையை நான் இவ்வளவு வற்புறுத்த இங்கே தனிக் காரணம் உண்டு. மாட்டின் வெப்ப அயர்ச்சியை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கணக்கிடுவார்கள். பால் மாட்டுக்கு 72-க்கு மேல் போனால் சிரமம் தொடங்குகிறது. 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணப் பிற்பகலில் அந்த எண் 84. அதிகாலையில் 24 பாகைக்கு இறங்கி ஈரப்பதம் 95-ஐத் தொடும்போதும் அது 74-க்குக் குறைவதில்லை. சாஹிவால் ரத்தம் கலந்த மாடு இதைக் கொஞ்சம் தாங்கும். பிரீசியன் ரத்தம் கூடக் கூடத் தாங்காது. வெப்பத்தில் மாடு ஏறுவதையும் நிற்பதையும் சுருக்கிக்கொள்கிறது. ஒரு பருவத்தில் நடக்கும் ஏறுதல்களின் எண்ணிக்கை கோடையில் குளிர்காலத்தைவிடப் பாதியாகக் குறைந்ததை அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. நமக்கோ ஆண்டு முழுக்கக் கோடைதான். சாஹிவால் வகைக்குப் பருவமும் குறுகியது, பத்து மணி நேரம் அளவுக்குத்தான். அது பெரும்பாலும் இரவிலேயே தொடங்கி விடிவதற்குள் அடங்கிவிடுகிறது.

பார்க்காமல் விட்ட இரவை மாட்டின் உடலில் ஓரளவு வாசிக்கலாம். வால் அடியில், இடுப்பெலும்புக்கு மேலே, பளிச்சென்ற நிறத்தில் மாட்டுச் சுண்ணக்கோலை ஒரு சாண் நீளத்துக்குத் தடவி வைத்தால், ஏறிய மாட்டின் மார்பு அதைத் தேய்த்துக் கலைத்துவிடும். காலையில் கோடு அழிந்து, அந்த இடத்து மயிர் எதிர்த்திசையில் கலைந்திருந்தால், விலாவில் இருபுறமும் குளம்புச் சேறு படிந்திருந்தால், இரவில் அது நின்றிருக்கிறது என்று நம்பலாம். அறையிலிருந்து தெளிவாக, கண்ணாடி போல், அறுந்துவிடாமல் நீளமாகத் தொங்கும் வழும்பு துணை அறிகுறி. பால் குறைவது, கத்துவது, தீனியில் நாட்டமில்லாமை எல்லாம் வேறு காரணத்தாலும் வரும். அவற்றை மட்டும் நம்பி ஊசி போடக் கூடாது. ஏறுகிற மாட்டைவிட ஏற விட்டு நிற்கிற மாடுதான் நமக்கு முக்கியம் என்பதை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். ஏறுகிற மாடு பருவத்தை நெருங்கியதாகவோ கடந்ததாகவோகூட இருக்கலாம். கயிற்றில் கட்டியே வைத்திருக்கும் மாடு எதையும் காட்டாது. மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடும் அந்த முதல் கால்மணி நேரத்தில் அருகிலேயே நில்லுங்கள்.

எதிர்ப்புகளையும் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் காலை, மாலை என இரண்டு ஊசி போட்டுவிடலாமே என்பார்கள். பருவத்திலேயே இல்லாத மாட்டுக்கு இரண்டு ஊசி போட்டாலும் பயனில்லை. ஏற்கெனவே சினையாக இருக்கும் மாட்டின் கருப்பைக்குள் குழலைச் செலுத்தினால் கரு கலைந்தும் போகலாம். இரண்டாவது எதிர்ப்பு வலுவானது: ஹார்மோன் ஊசிகளால் முட்டை வெளியாகும் நேரத்தையே நாம் நிர்ணயித்துவிட்டால் பருவம் பார்க்கவே வேண்டாம் அல்லவா? 1995-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அப்படிப்பட்டது. முதல் நாள் ஒரு ஊசி, ஏழு நாள் கழித்து இரண்டாவது, அதற்கு இரண்டு நாள் கழித்து மூன்றாவது. பிறகு 16 மணி நேரத்தில் விந்து. கன்று ஈன்று வெகுநாளாகியும் பருவமே காட்டாத மாட்டுக்கு இது அருமருந்து. ஆனால் அதில் சினை பிடிக்காத மாடு மூன்று வாரத்தில் தானாகவே பருவத்துக்குத் திரும்பும். அன்று அதைப் பார்க்க ஆள் வேண்டும். ஹார்மோன் கண்காணிப்பை ஒத்திவைக்கிறது, ஒழித்துவிடவில்லை.

நேரம் தவறியதை எப்படி அறிவது? மாட்டின் நாட்குறிப்பே சொல்லும். ஊசி போட்ட 18 முதல் 24 நாளில் மீண்டும் பருவம் வந்தால் சினை பிடிக்கவில்லை, ஆனால் பருவத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறோம். 8 முதல் 12 நாளில் பருவம் தெரிந்தால், அந்த இரண்டில் ஒன்று பருவமே அல்ல. பெரும்பாலும் முதலாவதுதான் தவறு. 25 நாளைத் தாண்டித் திரும்பினால் கரு உருவாகி அழிந்திருக்கலாம்; தாமதமாக ஊசி போட்டோமா என்று அப்போது பின்னோக்கிப் பாருங்கள். வாலில் ரத்தக்கறை தெரிந்தால் அதைப் பருவம் என்று எண்ணி ஆளை அழைக்காதீர்கள். அது பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் ஆனதைக் காட்டுகிறது. சினை பிடித்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு, 17-ஆம் நாளிலிருந்து இரவு 10 மணிப் பார்வையைத் தொடங்குங்கள்.