வாடகைத் தாளில் ஒரு வீடு: தரைப்படத்தின் அளவும் பெயரும்

சிங்கப்பூரில் "மூன்றறை வீடு வாடகைக்கு" என்று அச்சிட்ட ஒரு தாள், சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ அண்மையில் வந்த ஒருவருக்கு ஒரு பொருளையும், இந்நகரில் வளர்ந்த ஒருவருக்கு வேறொரு பொருளையும் தருகிறது. 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, தன் வீடுகளை எண்ணும்போது வரவேற்பறையையும் ஓர் அறையாகச் சேர்த்துக்கொள்வதால், வீவகவின் மூன்றறை வீடு என்பது இரண்டு படுக்கையறைகளும் ஒரு ஹாலும் கொண்ட வீடேயாகும். தமிழ்நாட்டு வழக்கில் அது இரண்டு படுக்கையறை வீடு. சொல்லால் எழும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு, தாளின் ஓரத்தில் இடம்பெறும் ஒரு சிறு தரைப்படம் போதும். தரைப்படம் என்பது, வீட்டின் கூரையை நீக்கிவிட்டு மேலிருந்து நேராகக் கீழே பார்த்தால் சுவர்களும் கதவுகளும் சன்னல்களும் எவ்வாறு தெரியுமோ அவ்வாறே, குறிப்பிட்ட ஒரு விகிதத்தில் சுருக்கி வரையப்பட்ட கோட்டுப்படமாகும்.

அப்படத்தை வரைவதற்குக் கட்டடக் கலைஞர் தேவையில்லை. ஐந்து மீட்டர் அளவு நாடாவும் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் கையிலிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை அது. எனினும் அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வாசற்கதவில் நின்றுகொண்டு, அளவு எதையும் பாராமல், அறைகள் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்பதை மட்டும் கைப்போக்கில் வரைந்துகொள்ள வேண்டும். அதன்பின் வாசலிலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் ஒவ்வோர் அறையாகச் சென்று, அலமாரிகளுக்கு முன்னால் அல்லாமல் சுவருக்கும் சுவருக்கும் இடையே நாடாவைத் தரையோடு ஒட்டி இழுத்துப் பிடித்து, கிடைத்த எண்ணை அங்கேயே அந்தக் கைப்படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணை நினைவில் வைத்து வீட்டுக்குப் போய் எழுதுவோர், 2.80 என்பதை 2.60 என எழுதிவிடுவது மிக எளிதில் நேர்கிறது.

தேக்கா நிலையத்தை அடுத்துப் பஃபலோ சாலையில் நிற்கும் வீவக அடுக்குமாடிகளையோ, ரோவல் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளையோ மனத்தில் வைத்து, கணக்குக்காக ஒரு மாதிரி வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு படுக்கையறைகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றின் அகலம் 3.10 மீட்டர், மற்றதன் அகலம் 2.80 மீட்டர், இரண்டின் நீளமும் 3.60 மீட்டர். அவற்றுக்கு நேர் பின்னால், வீட்டின் முழு அகலத்திலும் ஹால் விரிந்திருக்கிறது. ஹாலின் அகலத்தை அளந்தவருக்கு 6.00 மீட்டர் கிடைக்கிறது. ஆனால் இரு படுக்கையறைகளின் அகலங்களைக் கூட்டினால் 5.90தான் வருகிறது. காணாமற்போன அந்தப் பத்து சென்டிமீட்டர், இரு அறைகளுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரின் தடிமன். புதிதாக வரைபவர் செய்யும் பிழைகளுள் இதுவே முதன்மையானது: அறைகளை மட்டும் அளந்துவிட்டு, சுவரை ஒற்றைக் கோடாகப் போட்டு, படத்தின் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் நிற்பதைக் கண்டு, ஏதோ ஓர் அறையைத் தம் விருப்பத்துக்கு நீட்டிவிடுவார். சுவரின் தடிமனைக் கதவு நிலையில் நாடாவை வைத்து அளக்க முடியும் என்பதால், அந்த நீட்டலுக்கு எப்போதும் தேவையே இல்லை. எந்தத் தரைப்படத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டும். ஒத்துவராத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், மீண்டும் அளக்கப்பட வேண்டிய படமே.

ஹாலின் நீளம் 4.30 எனவும், அதற்குப் பின்னால் 4.20க்கு 2.40 அளவில் சமையலறையும், 1.70க்கு 2.40 அளவில் குளியலறையும் உள்ளன எனவும் கொண்டால், நடுச்சுவர்களையும் சேர்த்து வீட்டின் உள்நீளம் 10.50 மீட்டராகிறது, உட்பரப்பு 63 சதுர மீட்டர். அறைகளின் பரப்பை மட்டும் தனித்தனியே பெருக்கிக் கூட்டினால் 61.20 சதுர மீட்டர்தான் வரும். எஞ்சிய 1.80 சதுர மீட்டரில் உட்சுவர்கள் நிற்கின்றன. அங்கே எவரும் பாய் விரிக்க முடியாது. புதிய வீவக வீடுகளிலோ, குளிரூட்டியின் வெளிப்பெட்டியை வைப்பதற்கான விளிம்பையும் சேர்த்து ஒரு பரப்பும், அதை நீக்கி உட்பரப்பு என மற்றொரு பரப்பும் சொல்லப்படுகின்றன. எனவே வாடகைத் தாளில் ஒரே ஒரு பரப்பெண்ணைப் போடுபவர், அது எதைச் சேர்த்த எண் என்பதையும் அருகிலேயே எழுதுவது நேர்மை. தனியார் அடுக்குமாடிகளைப் பற்றிப் பேசுவோர் சதுர அடியிலேயே பேசிப் பழகியுள்ளதால், ஒரு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 10.76 சதுர அடி என்ற கணக்கில் இரண்டையும் தந்துவிடலாம்.

அளந்து முடித்தபின் விகிதம் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டராகிறது; மேலே சொன்ன வீடு 6 சென்டிமீட்டர் அகலமும் 10.5 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட படமாகி, பள்ளி நோட்டுப் புத்தக அளவிலான விளம்பரத் தாளில் எழுத்துக்கும் இடம்விட்டு அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் "அளவு 1:100" என எண்ணாக மட்டும் எழுதிவைப்பது ஆபத்தானது, ஏனெனில் அந்தத் தாளை நகலெடுக்கும் கடைக்காரர் சற்றே சுருக்கிவிட்டாலும் அந்த எண் பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக, படத்தின் அடியில் ஒரு சிறு கோடு போட்டு, அதன் இரு முனைகளிலும் 0 என்றும் 1 மீட்டர் என்றும் குறித்துவிட்டால், படம் சுருங்கும்போது கோடும் கூடவே சுருங்கி உண்மையைக் காப்பாற்றும்.

கதவை வெறும் இடைவெளியாகக் காட்டுவது போதாது. அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கால்வட்ட வளைவாக வரைய வேண்டும். காரணம், கதவு வீசும் இடத்தில் கட்டில் போட முடியாது. மேற்கண்ட சிறிய படுக்கையறையையே எடுத்துக்கொண்டால், 2.80க்கு 3.60 என்பது பத்துச் சதுர மீட்டருக்குச் சற்று மேல். தாளில் படிக்க நன்றாகவே இருக்கும். அதில் 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள சுவரலமாரி ஒன்று நீளவாக்கில் முழுவதுமாகப் பதிக்கப்பட்டிருந்தால், நடக்கக் கிடைக்கும் அகலம் 2.20 ஆகக் குறைகிறது. சிங்கப்பூர்க் கடைகளில் குவீன் எனப்படும் இருவர் மெத்தை 1.52 மீட்டர் அகலமும் 1.90 மீட்டர் நீளமும் உடையது. அதை நீளவாக்கில் போட்டால், அலமாரிக்கு முன்னால் 68 சென்டிமீட்டர் எஞ்சும், அலமாரிக் கதவைத் திறந்தபடி ஒருவர் நிற்பது கடினம். குறுக்காகப் போட்டாலோ கால்மாட்டில் வெறும் 30 சென்டிமீட்டர்தான். ஒருவர் படுக்கும் 0.91 மீட்டர் மெத்தையை நீளவாக்கில் போட்டால் 1.29 மீட்டர் விடுபடும். ஆகவே அது ஒருவருக்கு வசதியான அறை, தம்பதியருக்கு நெருக்கடியான அறை. இந்த வேறுபாடு முழுவதும், அலமாரியைக் காட்டும் ஒரு மெல்லிய செவ்வகத்தில் அடங்கியிருக்கிறது. அதை வரையாமல் விட்டவர் அளவைச் சரியாக எழுதியும் அறையைத் தவறாகக் காட்டியவராகிறார்.

சன்னலைச் சுவருக்குள் இணையாக ஓடும் மெல்லிய கோடுகளாகக் காட்டுவது வழக்கம். சன்னல் குறியை எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்நகரின் வரலாறே காரணம் சொல்கிறது. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள் தெருப்பக்கம் குறுகியும் உள்ளே நீண்டும் கட்டப்பட்டவை. நடுவிலே வானம் பார்த்த முற்றம் ஒன்றே காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொண்டுவந்தது. அத்தகைய கடைவீடுகளின் மேல்மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டு, சன்னலே இல்லாத சிற்றறைகளில் குடும்பம் குடும்பமாக மக்களைக் குடிவைத்த நிலையை, சீனர்கள் வாழ்ந்த அப்பர் நான்கின் தெருவைப் பற்றி பேரிங்டன் கே எழுதி 1960இல் வெளிவந்த ஆய்வு நூல் பதிவு செய்துள்ளது. எனவே நான்கு பக்கமும் தடித்த சுவராக, சன்னல் கோடு ஒன்றுகூட இல்லாமல் "அறை" என்று பெயரிடப்பட்ட ஒரு கட்டம் தாளில் தென்பட்டால், வாடகைக்கு வருபவர் அதைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்பும் இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இவ்வூரில் மேற்குப் பார்த்த சன்னலுள்ள அறை பிற்பகல் முழுதும் வெயிலை வாங்கி இரவிலும் புழுங்கும்.

இனி அறைகளின் பெயர்கள். வீவக விதிப்படி, கழகம் படுக்கையறையாகக் கட்டித் தந்த அறையை மட்டுமே படுக்கையறையாக வாடகைக்கு விடலாம். ஹாலைத் தடுத்து ஒரு பகுதியைப் படுக்கையறை ஆக்க அனுமதி கிடையாது. ஆகவே, திரையோ பலகையோ வைத்து மறைத்த ஹால் மூலைக்குப் "படுக்கையறை 3" எனப் பெயர் எழுதுவது, விதிமீறலைத் தானே வரைந்து ஊருக்குக் காட்டுவதாகும். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில், மக்கள் பேச்சில் பாம் ஷெல்டர் எனப்படும் காப்பறை ஒன்று தடித்த கான்கிரீட் சுவர்களோடும் கனத்த எஃகுக் கதவோடும் இருக்கும். அதன் சுவர்களை இடிக்கவோ மாற்றவோ முடியாது. அது சாமான் வைக்கும் இடமாகத் தாராளமாகப் பயன்படும், படத்திலும் "காப்பறை" என்றே எழுதப்பட வேண்டும். தேக்காவை ஒட்டிய பழைய அடுக்குமாடிகளில் அந்த அறை இராது. மூன்றறை வீட்டில் ஒரே நேரத்தில் குடியிருக்கக்கூடியவர்கள் ஆறு பேர் மட்டுமே என்பதையும், அறை மட்டும் வாடகைக்கு விடப்படும்போது உரிமையாளர் குடும்பமும் அந்த ஆறில் அடங்கும் என்பதையும், படத்துக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

அறை மட்டும் வாடகைக்கு விடப்படும் தாளில் இன்னொரு நுட்பம் உண்டு. வாடகைக்கு வருபவருக்கு உரிய அறையை மெல்லிய சாய்கோடுகளால் நிரப்பி, பொதுவாகப் பயன்படுத்தும் சமையலறையையும் குளியலறையையும் வெறுமையாக விட்டு, உரிமையாளரின் அறைக்கு "உரிமையாளர்" என்று மட்டும் எழுதினால், பின்னாளில் "சமைக்கலாம் என்றீர்களே, துணி காயப்போட இடம் எங்கே" என எழும் வாக்குவாதங்கள் பலவும் தொடக்கத்திலேயே பேசி முடிக்கப்படும். சமையல் அனுமதி இல்லையென்றால், அதையும் சமையலறைக் கட்டத்துக்குள்ளேயே எழுதுவது உத்தமம்.

வீடு பார்க்கச் செல்லும் வாசகர்கள், அந்தத் தாளோடு ஓர் அளவு நாடாவையும் கொண்டுசென்று, தாம் படுக்கப்போகும் அறையின் ஒரு சுவரையும் அதன் கதவின் அகலத்தையும் மட்டுமாவது முன்பணம் கொடுப்பதற்கு முன் அளந்து பார்ப்பார்களாக. ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடு கைப்பிழை. அரை மீட்டர் வேறுபாடு இருந்தால், அந்தப் படத்தில் மற்ற எண்களையும் நம்ப வேண்டியதில்லை.