கும்பாரகொப்பலும் கோழிச் சந்தையும்

மைசூரு நகரின் ஓரத்தில் கும்பாரகொப்பல் என்று ஓர் ஊர் உண்டு. குயவர் தொழிலின் பெயரைத் தாங்கிய ஊர். நகரம் வளர்ந்து இன்று அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இவ்வூர்ப் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் அடிபட்டது. அங்கே பறவைகள் இறந்து கிடந்தன, கோழிகளும் மடிந்தன. கால்நடைத் துறையினர் மாதிரிகளை எடுத்துப் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிலையத்திற்கு அனுப்பினர். இந்நாட்டில் பறவைக் காய்ச்சலை இறுதியாக உறுதி செய்யும் இடம் அதுவே. மாதத்தின் நடுப்பகுதியில் முடிவு வந்தது: எச்5என்1 என்னும் வகை.

உடனே விதிப்படி காரியங்கள் நடந்தன. நோய் கண்ட இடத்தை மையமாகக் கொண்டு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த வளர்ப்புப் பறவைகள் யாவும் அழிக்கப்பட்டன. பத்துக் கிலோமீட்டர் சுற்றளவு கண்காணிப்பில் வைக்கப்பட்டது. அப்பகுதியில் கோழி விற்பனை நிறுத்தப்பட்டது. சில நாட்களுக்கு முன்புதான் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்திலும் இதே நோய் உறுதியாகியிருந்தது. போதாக்குறைக்குக் கொரோனாவைப் பற்றிய கலக்கம் வேறு. கோழி தின்றால் கொரோனா வரும் என்ற ஆதாரமற்ற வதந்தி கைபேசிகளின் வழியே பரவிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு நோய்களும் மக்கள் மனத்தில் ஒன்றாகக் குழம்பின.

மைசூருக்கு இந்நோய் புதிதன்று. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் இங்குள்ள சாமராஜேந்திர விலங்கியல் பூங்காவில் பறவைகள் சில இறந்து, எச்5என்8 என்னும் மற்றொரு வகை கண்டறியப்பட்டது. பூங்கா ஏறத்தாழ ஒரு மாதம் மூடப்பட்டிருந்தது. சுற்றிலும் ஏரிகளும், அருகிலேயே ரங்கனதிட்டும் அமைந்த ஊர் இது. குளிர்காலத்தில் நெடுந்தொலைவிலிருந்து நீர்ப்பறவைகள் இங்கு வந்து தங்குகின்றன. காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளே இவ்வைரஸின் பழைய உறைவிடம். அவற்றுள் பல, நோய்க்குறி இல்லாமலே அதனைச் சுமந்து எச்சத்தில் வெளியிடும். வீட்டுக்கோழிக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. கொட்டகையில் ஒரு கோழிக்குக் கண்டால், இரண்டொரு நாளில் கொட்டகையே காலியாகிவிடும். கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, முட்டையிடுவது திடீரென நின்றுபோய், காரணம் தெரியாமல் கூட்டங்கூட்டமாகக் கோழிகள் சாவதே இதன் அடையாளம்.

இனி, நம் அடுப்பங்கரைக்கு வருவோம். நன்றாக வெந்த கோழியையும் முட்டையையும் உண்ணலாமா? உண்ணலாம். அதில் ஐயமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு, உணவின் எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸை எட்டவேண்டும் என்பதே. இந்த வைரஸின் மேலே கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்றும், அதில் முள் முள்ளாகச் சில புரதங்களும் உள்ளன. அந்தப் புரதத்தைக் கொண்டுதான் அது உயிரணுவைப் பற்றுகிறது. சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகித் தன் உருவை இழப்பதைப் போலவே அப்புரதமும் உருக்குலைகிறது. கொதிக்கும் குழம்பு 100 டிகிரியை ஒட்டியது. பிரஷர் குக்கரோ அதற்கும் மேல். ஆகவே நம் குழம்பு வகைகளில் அச்சத்திற்கு இடமில்லை.

கவனம் வேண்டியது பெரிய துண்டுகளை வறுக்கும்போதும் சுடும்போதும்தான். மேற்புறம் கருகி மணம் வீசும். உள்ளே தொடைப்பூட்டருகில் சூடு சென்றிருக்காது. எலும்பருகே சற்றுச் சிவந்திருந்தாலே வேகவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இளங்கோழியில் எலும்பின் மச்சை கசிவதால், நன்றாக வெந்த பிறகும் அந்த நிறம் நிற்பதுண்டு. அதனினும் நம்பத்தக்க குறிகள் வேறு உண்டு. தடித்த இடத்தில் குத்தினால் வடியும் நீர் தெளிவாக இருக்கவேண்டும். சதை எலும்பைவிட்டு எளிதில் பிரியவேண்டும். சமையல் வெப்பமானி இருப்போர் அதனைத் தொடையின் நடுவில் செருகிப் பார்ப்பதே மேல்.

முட்டை விஷயத்தில் ஒரு வசதி உண்டு. அதுவே தனக்குத்தானே வெப்பமானி. மஞ்சள் கரு இறுகத் தொடங்குவது 65 டிகிரியை அடுத்து. முழுதும் கெட்டியாகும்போது ஏறத்தாழ 70ஐ எட்டிவிடுகிறது. நோயுற்ற கோழி முட்டையிடுவதை விரைவில் நிறுத்திவிடும் என்றாலும், அதற்கு முன் இட்ட முட்டையின் ஓட்டிலும் உள்ளேயும் வைரஸ் இருக்கக்கூடும். ஆகையால் நோய்ச் செய்தி வந்துள்ள நாட்களில் ஹாஃப் பாயிலை விட்டு, மஞ்சள் கரு வழியாத முட்டையை உண்பது நல்லது. பச்சை முட்டையைப் பாலில் கலந்து குடிக்கும் பழக்கமுள்ளோர் அதனை அக்காலத்தில் ஒத்திவைப்பாராக. எலுமிச்சைச் சாறும் மஞ்சள்தூளும் மிளகாயும் தடவி ஊறவைத்தால் கிருமி மாயும் என்று நம்புவோரும் உண்டு. அவை சுவைக்கு நல்லவை. நெருப்பின் வேலையை அவை செய்யமாட்டா. குளிர்ப்பெட்டியும் அவ்வாறே. குளிர் இந்த வைரஸைக் கொல்வதில்லை, பாதுகாக்கிறது.

உண்மையான அபாயம், கோழி அடுப்பில் ஏறுவதற்கு முன்னுள்ள நேரத்தில் இருக்கிறது. நோயுற்ற கோழியைப் பிடிப்பது, அறுப்பது, இறகு பிடுங்குவது, குடலை எடுப்பது, கொட்டகையில் எச்சம் கலந்த தூசியைச் சுவாசிப்பது ஆகியவற்றிலேயே மனிதருக்கு இந்நோய் தொற்றியுள்ளது. 2025ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று இந்நோயால் இறந்தது. வீட்டில் கோழி நறுக்கும்போது அக்குழந்தைக்குப் பச்சைத் துண்டொன்று தரப்பட்டதாக அப்போது செய்திகள் வெளிவந்தன. மறுபுறம், அதே கோழியை வேகவைத்து உண்ட மற்றவர்களுக்கு நோய் வரவில்லை என்பதும் சொல்லப்பட்டது. நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவாமல், அதன்மேலேயே வெள்ளரிக்காய் அரிவது, குழம்பு எவ்வளவு கொதித்தாலும் பயனற்றதாக்கிவிடும். சோப்பு அந்தக் கொழுப்புறையைக் கரைத்துவிடும். ஆதலின் கைக்கும் பலகைக்கும் அதுவே போதும். தானாகச் செத்த கோழியை வாங்கவோ உண்ணவோ கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சமையலறை இவ்வளவு எளிதாயிருக்க, சந்தை ஏன் கவிழ்கிறது? இதற்கு விடை கறிக்கோழியின் நாட்காட்டியில் இருக்கிறது. குஞ்சாகக் கொட்டகைக்கு வந்த கோழி ஏறத்தாழ 40 நாளில் இரண்டு கிலோ எடை பெறுகிறது. அதுவே விற்கும் பருவம். அரிசியைப்போல் குதிரில் போட்டு, விலை ஏறும்வரை காத்திருக்க இயலாது. நம் நாட்டில் பெரும்பாலான கோழி உயிரோடுதான் கடைக்கு வருகிறது; அறுத்துக் குளிரில் வைக்கும் வசதி மிகச் சிறிது.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை. ஐயாயிரம் கோழி உள்ள ஒரு பண்ணை. விற்கும் பருவத்தில் கோழி ஒன்று நாளொன்றுக்கு 200 கிராம் தீவனம் தின்கிறது. ஆக ஒரு நாள் தீவனம் ஒரு டன். கிலோ 40 ரூபாய் என்றால் நாட்செலவு 40,000 ரூபாய். அதற்குக் கோழிகள் கூடும் எடை, ஒன்றுக்கு 80 கிராம் வீதம், 400 கிலோ. வழக்கமான விலையில் அது செலவுக்கு ஈடாகலாம். வதந்தியால் பண்ணை விலை கிலோ 40 ரூபாய்க்கு விழுந்தால், அந்த 400 கிலோவின் மதிப்பு 16,000தான். ஒவ்வொரு விடியலும் பண்ணையாளருக்கு 24,000 ரூபாய் நட்டம். காத்திருந்தால் நட்டம், விற்றாலும் நட்டம். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க முற்படுவதால் விலை மேலும் வீழ்கிறது. 2020 மார்ச்சில் பெலகாவி மாவட்டத்துப் பண்ணையாளர் ஒருவர் ஆயிரக்கணக்கான கோழிகளை உயிரோடு குழியில் இட்ட காட்சியை நாடே கண்டது. அவற்றிற்கு நோயில்லை, வாங்குவாரில்லை, அவ்வளவே.

முட்டைக்கோழியின் நிலை சற்று வேறு. அது நாள்தோறும் இட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தாது. நாமக்கல்லிலும் மைசூரிலும் முட்டைக்கு அன்றாட விலை அறிவிக்கப்படுகிறது. நோய் கண்ட மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலம் சரக்கைத் தடுத்தால், லாரிகள் சோதனைச் சாவடியில் நிற்க, ஒருபுறம் முட்டை குவிந்து விலை சரியும். மறுபுறம் கிடைக்காமல் ஏறும். வெளிநாடுகளும் கதவை அடைப்பதுண்டு.

இதில் நான் பெரிதும் கவலையுறும் இடம் ஒன்று. அழிக்கப்படும் கோழிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு தருகின்றன. ஆனால், அறிவிப்புக்கு முன்பே நோயால் செத்த கோழிக்கு அது கிடையாது. வளையத்திற்கு வெளியே, நோயே இல்லாமல் விலை வீழ்ச்சியால் அழிந்தவருக்கும் கிடையாது. இழப்பீடு குறைவாகவும் தாமதமாகவும் வருமெனில், கொட்டகையில் நாலு கோழி சாகும்போதே அதிகாரிக்குச் சொல்லவேண்டிய பண்ணையாளர், மிச்சத்தை இரவோடு இரவாக விற்றுவிடத் தூண்டப்படுவார். அந்த லாரியோடு நோயும் போகும். இழப்பீட்டை விரைவாகத் தருவது இரக்கச் செயல் மட்டுமன்று; நோயைத் தடுக்கும் முறைகளில் அதுவும் ஒன்று.

விலை வீழ்ச்சிக்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையைச் சுட்டுக்கொண்டவர் அடுத்த குஞ்சுத் தொகுதியை இறக்கமாட்டார். குஞ்சு பொரிப்பகங்கள் முட்டை வைப்பதைக் குறைக்கும். பொரிக்க 21 நாள், வளர 40 நாள். ஆகவே அச்சம் தணிந்து மக்கள் மீண்டும் கடைக்குப் போகும் வேளையில், ஏறத்தாழ இரண்டு மாதத்திற்கு முன் வைக்காத முட்டையும் இறக்காத குஞ்சும் கோழியாக வந்து சேர்வதில்லை. அப்போது கோழி விலை, அச்சத்திற்கு முன் இருந்ததைவிட உயர்ந்து நிற்கும். கோழிக்கடையில் அவ்விலையைக் கொடுப்பவர், பெரும்பாலும், இரண்டு மாதம் முன்பு வேகவைத்த கோழிக்கு அஞ்சி வாங்காமல் திரும்பியவரே.