பெயரை மாற்றினாலும் பொருந்தும் நன்றி



நம்மினும் இளையவராகிய உடன்பணியாளருக்கு நன்றி எழுதும்போது, "தங்கள் அயராத உழைப்பும் கடமையுணர்வும் போற்றற்குரியன" என்று எழுதுவது வழக்கம். இதில் பிழையான சொல் ஒன்றுமில்லை. ஆயினும், பெயரை மட்டும் மாற்றிவிட்டால் இதே குறிப்பைப் பள்ளியிலுள்ள ஆசிரியர் அனைவருக்கும் அனுப்பிவிடலாம். பெறுகின்றவர் அதனை உடனே உணர்ந்துகொள்வார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கிற்று. எங்கள் இனயம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில், கடலுக்குச் சென்றவர்களை எதிர்நோக்கிக் குடும்பங்கள் நாட்கணக்கில் காத்திருந்தன. நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுவர் வரவில்லை. பணியில் சேர்ந்து இரண்டாண்டும் நிரம்பாத கணக்காசிரியர் ஒருவர், அன்றன்றைய கணக்குகளைத் தாளில் எழுதி, அண்டைவீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார். எவரும் அவரைப் பணிக்கவில்லை.

நன்றி எழுதுமுன் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். தாள்களைக் கொண்டுசென்ற பிள்ளைகளையும் விசாரித்தேன். பின்னர் இவ்வாறு எழுதினேன்:

"டிசம்பரில் வகுப்புக்கு வராத ஏழு பிள்ளைகளுக்கும் நாள்தோறும் கணக்குத் தாள் எழுதி அனுப்பினீர்கள். விடை கேட்டு வருத்தாமல், 'முடிந்தபோது பார்' என்று மட்டும் அதில் குறித்திருந்தீர்கள். திரும்பி வந்தபோது அவர்கள் அந்தத் தாள்களோடு வந்து அமர்ந்ததைக் கண்டேன். இனிப் பிள்ளைகள் நெடுநாள் வராதபோது எல்லாப் பாடங்களுக்கும் இம்முறையையே கைக்கொள்ள எண்ணியுள்ளேன். நன்றி."

இதில் நான்கு செய்திகள் உள்ளன: அவர் செய்த செயல், அதனைச் செய்த விதம், நான் கண்ட பயன், அதனால் என் நடைமுறையில் நேர்ந்த மாற்றம். இவற்றுள் இரண்டாவதே உயிர்நாடி. தாள் அனுப்புவது பிறருக்கும் தோன்றலாம். துயரிலிருக்கும் பிள்ளையிடம் விடை கேட்கலாகாது என்று தேர்ந்தது அவருடைய அறிவு. அந்தத் தேர்வைக் குறிப்பிடும்போதுதான், "என்னைக் கவனித்திருக்கிறார்" என்று இளையவர் உணர்கிறார்.

பயனைச் சொல்வதில் அளவு வேண்டும். "உங்களால்தான் எழுவரும் தேர்ச்சியுற்றனர்" என்று எழுதியிருந்தால், அதனை அவரே நம்பியிருக்கமாட்டார். தேர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆகவே கண்ணாற் கண்டதோடு நின்றேன். பிள்ளைகளின் பெயரையோ வீட்டுத் துயரையோ எழுதவில்லை; குறிப்பு பிறர் கைக்கும் போகக்கூடும். "மற்றவர்களைப் போலன்றி" என்று ஒப்பிடவுமில்லை. அது அவரை உடன்பணியாளரிடமிருந்து பிரித்துவிடும். இறுதியில் புதிய வேலை எதையும் அவர்மீது சுமத்தவில்லை. சுமத்தியிருந்தால் நன்றி ஆணையாக மாறியிருக்கும்.

நீங்களும் எழுதி முடித்தபின், வேறொருவர் பெயரை அதில் இட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்துமாயின், அந்தக் குறிப்பை அனுப்பவேண்டாம். அவர் செய்ததை அருகிருந்து கண்டவரிடம் சென்று, என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று முதலில் கேளுங்கள்.