அரக்கு வைப்பதற்கு முன்

(பொதுத்தேர்வு முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்வு மையத்தில் என்னென்ன பொருள்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவுரைக் கையேட்டில் இருக்கிறது. அதை இங்கே வாசித்துக் காட்டினால் உங்கள் நேரம்தான் வீணாகும். மரக்காணம் உப்பளக் கரையில் உள்ள ஒரு மையத்தில் பல ஆண்டுகளாகத் தேர்வுப் பொருள்களைக் கணக்கு வைத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் விடைத்தாள், முத்திரை, வருகைத்தாள் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டியலில் 'டிக்' போடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் விடைத்தாள். தேர்வரின் புகைப்படமும் பதிவெண்ணும் பாடமும் அச்சிட்ட முகப்புத்தாள் தனியாக வருகிறது. எழுதும் தாள்கள் தனியாக வருகின்றன. இரண்டையும் நம் மையத்திலேயே தையல் இயந்திரம் வைத்துத் தைக்கிறோம். தைப்பவர் வேகமாகத் தைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் உட்காருபவர்தான் கவனிக்க வேண்டும். ஒரு பாடத்தின் முகப்புத்தாள்கள் முழுவதும் தைத்து, எண்ணி, கட்டிய பிறகே அடுத்த பாடத்தின் கட்டை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பாடங்கள் ஒரே மேசையில் இருந்தால், கோடிட்ட தாளும் கோடிடாத தாளும் இடம் மாறிவிடும். கணிதத்துக்கான வரைபடத்தாளும் சமூக அறிவியலுக்கான நிலவரைபடமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அப்போதுதான். தேர்வன்று அறையில் மாணவர் கையை உயர்த்திச் சொன்ன பிறகு தெரிந்துகொண்டால், அவருக்கு அதில் ஐந்து நிமிடமாவது போய்விடும்.

தைத்து முடித்ததும் ஒவ்வொரு விடைத்தாளையும் விசிறி போல ஒருமுறை புரட்ட வேண்டும். அச்சு விழாத பக்கம், தலைகீழாகத் தைத்த தாள், ஊசி பதியாமல் நூல் தொங்கும் முதுகு எல்லாம் அந்த ஒரு புரட்டலில் கண்ணில் பட்டுவிடும். குறையுள்ளதை ஒதுக்கி, பெயர் அச்சிடாத மாற்று முகப்புத்தாள் எத்தனை கையிருப்பில் இருக்கிறது என்பதையும் அன்றே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். ஏன் இந்த எண்ணை வலியுறுத்துகிறேன் என்பது பிறகு தெரியும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மாசி, பங்குனியில் பாத்திகளில் உப்பு வாருவார்கள், பொதுத்தேர்வும் அப்போதுதான். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடற்காற்றோடு வரும் உப்புத் துகள் தாளின் மேல் படிந்திருந்தால், விடியற்காலையில் அந்தத் தாள் தொய்ந்து போயிருக்கும். தொய்ந்த தாளில் மை பரவும். பசை தடவிய உறைகள், நாம் பயன்படுத்துவதற்கு முன்பே தாமாக ஒட்டிக்கொள்ளும். கடற்கரையில் உள்ள மற்ற மையங்களுக்கும் இது பொருந்தும். செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. கட்டுகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் இரும்பு அலமாரியின் நடுத்தட்டில், பாலித்தீன் தாள் சுற்றி வையுங்கள். கடற்பக்கத்து சன்னலை மூடி வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழைக்குப் பிறகு, தம் பள்ளியில் எந்த அறைச் சுவர் ஈரம் வாங்கும் என்பதை எங்கள் வட்டாரத் தலைமையாசிரியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறையில் மட்டும் தேர்வுப் பொருள்களை வைக்க வேண்டாம்.

அடுத்தது முத்திரை. அரக்கு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பித்தளை முத்திரை, கோணி ஊசி, சணல் என்று வாங்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வாங்கிய அரக்கு ஒட்டுகிறதா என்று முதல் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு வெற்று உறையில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு உறையை மெல்ல வளையுங்கள். அரக்கு துண்டு துண்டாக உடைந்து தாளின் நாரோடு வந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். சட்டைப் பொத்தான் கழல்வது போல முழுதாகக் கழன்று வந்தால் அது பிடிக்கவேயில்லை. உறை ஈரமாக இருந்திருக்கும், அல்லது அரக்கு போதுமான அளவு இளகாமல் விழுந்திருக்கும். அப்படிக் கழலும் முத்திரை, வழித்தட அலுவலரின் வண்டியிலேயே உதிர்ந்துவிடும். பிறகு, யாரும் பிரிக்காத கட்டையும் பிரித்த கட்டாகச் சந்தேகிப்பார்கள்.

உறையை வெயிலில் சற்று உலர்த்திவிட்டு, முதலில் கொஞ்சம் அரக்கை இளக்கித் தாளில் தேய்த்துப் பரப்புங்கள். அதன்மேல் இன்னொரு சொட்டு விட்டு முத்திரையை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். முத்திரையை ஈரத்துணியில் ஒற்றி எடுத்து வைத்தால் அரக்கு அதில் ஒட்டாது, எழுத்தும் தெளிவாக விழும். காற்றில் சுடர் ஆடினால் அரக்கு கருகிக் கரி கலந்துவிடும். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, விடைத்தாள் இருக்கும் மேசையிலிருந்து விலகி இந்த வேலையைச் செய்ய வேண்டும். பித்தளை முத்திரை வேலை முடிந்ததும் முதன்மைக் கண்காணிப்பாளரின் பூட்டுக்குள் போக வேண்டும். அது மேசைமேல் கிடந்தால் அரக்கு வைப்பதற்கே அர்த்தமில்லை.

ஆனால் முத்திரையால் ஓர் எல்லைக்கு மேல் நமக்கு உதவ முடியாது. கட்டிய பிறகு யாரும் பிரிக்கவில்லை என்று மட்டுமே அது சொல்லும். உள்ளே இருப்பது சரிதானா என்று அதற்குத் தெரியாது. அதை வருகைத்தாள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு, கணிதத் தேர்வு. மொத்தம் 187 தேர்வர்கள். அறைக்கு 20 பேர் வீதம் ஒன்பது அறைகள், பத்தாவது அறையில் 7 பேர். அன்று 4 பேர் வரவில்லை. ஒரு மாணவரின் விடைத்தாளில் நடுப்பக்கம் கிழிந்திருந்ததால் மாற்று முகப்புத்தாளுடன் வேறு விடைத்தாள் கொடுத்தோம். இப்போது கட்டில் போக வேண்டியவை 183. அவற்றில் பெயர் அச்சிட்டவை 182, மாற்று 1. மீதமிருக்கும் பெயர் அச்சிட்ட விடைத்தாள்கள், வராதவர்களுடையது 4, கிழிந்தது 1, ஆக 5. 182-ம் 5-ம் சேர்ந்தால் 187. மாற்று முகப்புத்தாள் 10 வந்திருந்தால் 9 கையில் இருக்க வேண்டும். வருகைத்தாளில் 183 கையொப்பங்கள், 4 சிவப்புக் குறிகள். எல்லாம் சரி. பெரும்பாலான மையங்களில் இந்த இடத்தில் நிம்மதியாகி அரக்கை எடுத்துவிடுகிறோம்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் கட்டு தவறாக இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மையத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் அறையில் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 61 முதல் 80 வரை. 67, 68 இரண்டும் ஒரே பெயருடைய மாணவிகள். தலைப்பெழுத்து மட்டும் வேறு. 68 அன்று வரவில்லை. 67 வந்து தேர்வு எழுதினார். வருகைத்தாள் கைக்கு வந்தபோது, தேர்வுப் பதற்றத்தில் தன் பெயரைப் பார்த்ததும் 68-இன் வரிசையில் கையொப்பமிட்டுவிட்டார். அறைக் கண்காணிப்பாளர் காலியாக இருந்த 67-இல் 'வரவில்லை' என்று சிவப்பு மையில் எழுதினார். விடைத்தாள் 19, கையொப்பம் 19, வராதவர் 1. எண்ணிப் பார்த்தால் இதில் ஒரு பிழையும் தெரியாது.

அது அப்படியே போயிருந்தால் என்ன ஆகும்? வந்ததாகக் காட்டும் 68-க்கு விடைத்தாள் இல்லை. வராததாகக் காட்டும் 67-க்கு விடைத்தாள் இருக்கிறது. எழுதிய பெண்ணின் முடிவு நிறுத்தப்படலாம். அவருடைய அம்மாவும் அப்பாவும் விடியற்காலை நான்கு மணிக்கு உப்பளத்துக்குப் போகிறவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, 'என் மகள் எழுதினாள்' என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அன்று அதைப் பிடித்தது துறை அலுவலர். அந்த அம்மா விடைத்தாள்களை எண்ணவில்லை. பதிவெண் வரிசைப்படி அடுக்கி, ஒவ்வோர் எண்ணையும் உரக்க வாசித்தார். வருகைத்தாளைக் கையில் வைத்திருந்த அறைக் கண்காணிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் 'உண்டு' என்று பதில் சொல்ல வேண்டும். அறுபத்தாறு, உண்டு. அறுபத்தேழு என்றதும் பதில் வரவில்லை. அந்த விடைத்தாளின் முகப்பில் இருந்த புகைப்படத்தையும் மாணவியின் கையொப்பத்தையும் பார்த்தவுடன் நடந்தது புரிந்துவிட்டது. மாணவி பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். அழைத்து வந்து 67-இன் வரிசையில் கையொப்பம் வாங்கினார்கள். தவறான பதிவுகளைத் திருத்தி எழுதாமல், வெள்ளை மை பூசாமல், ஒரே கோட்டால் அடித்து, அருகில் அறைக் கண்காணிப்பாளரும் முதன்மைக் கண்காணிப்பாளரும் தேதியிட்டுக் கையொப்பமிட்டார்கள். நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் சேர்த்தார்கள். மொத்தம் கால் மணி நேரம். பேருந்து போயிருந்தால் இது அன்றே முடிந்திருக்காது.

ஆகவே இந்த வாசிப்பை, தேர்வு முடிந்து விடைத்தாள்கள் அறையிலிருந்து வந்ததும், மாணவர்கள் வளாகத்தில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். 1.15-க்குத் தேர்வு முடிகிறது. அறைக்கு 20 எண்கள்தானே, இரண்டு நிமிடம் போதும். பத்து அறைகளும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும்போது அவசரப்படுத்துவார்கள். அறைக் கண்காணிப்பாளர்களுக்கும் பசி. வீட்டுக்குப் போகும் எண்ணம். அவர்களை அனுப்பிவிட்டுப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். பிழை தெரியும்போது, அந்த அறையில் இருந்த ஒரே பெரியவர் பேருந்தில் இருப்பார்.

இதைவிடவும் நல்லது, அறையிலேயே தடுப்பது. 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, 10.10-லிருந்து 10.15 வரை முகப்பு விவரங்களைச் சரிபார்க்க நேரம் தருகிறோம். வருகைத்தாளை மேசை மேசையாகச் சுற்றுக்கு விடாமல், எழுதத் தொடங்கிய பின் கண்காணிப்பாளரே எடுத்துச் சென்று, நுழைவுச்சீட்டைப் பார்த்து, கையொப்பமிட வேண்டிய வரியின் கீழே அளவுகோலை வைத்துக் காட்ட வேண்டும். வராதவரின் வரிசையை எல்லாருடைய கையொப்பமும் முடிந்த பிறகே சிவப்பில் நிரப்ப வேண்டும். அதற்கு முன், அந்த இருக்கை உண்மையிலேயே காலியா என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். ஒரே பெயருள்ள தேர்வர்களை முந்தைய நாளே பெயர்ப்பட்டியலில் பென்சிலால் வட்டமிட்டு, அந்த அறைக்குப் போகிறவரிடம் சொல்லி அனுப்புவது எங்கள் மையத்தில் வழக்கம்.

வராதவர்களின் விடைத்தாளும் பழுதான விடைத்தாளும் அன்றே தனி உறைக்குள் போக வேண்டும். அதன் மேல் பாடம், தேதி, பதிவெண்கள் எழுதி, அந்த ஆண்டு அறிவுரையில் சொன்னபடி ஒப்படையுங்கள். மறுநாள் பாடத்தின் கட்டோடு அது கலந்துவிட்டால், காலையில் 187-க்குப் பதில் 192 இருக்கும்; தேர்வு தொடங்க அரை மணி இருக்கும்போது அந்த ஐந்தைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தையல் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்காத பள்ளிகள் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பக்கத்து மையத்தில் என்றைக்குத் தைக்கிறார்கள் என்று கேட்டு, அடுத்த நாள் உங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம்.