எந்தக் கடனை முதலில் கட்டுவது?

(கிளிநொச்சியில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் கிருஷ்ணபுரத்திலும் இருக்கிற உங்களில் பலருடைய தாய் தகப்பன் எங்கள் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள். 1958இல் கொஞ்சப் பேர், 1977இல் நிறையப் பேர், 1983இல் மிச்சப் பேர். நான் இன்னும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறேன். அங்கே சம்பளத் துண்டை வாசிக்கப் பழக்குவது சங்க வேலையில் பாதி. எந்தக் கழிவு எதற்கு என்று தெரியாமல் துரையோடு பேசப் போக முடியாது. கடனும் அப்படித்தான். இன்றைக்குக் கடன் துண்டுகளை வாசிக்கப் போகிறோம்.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் மாசி மாதம் நான் உட்கார்ந்து எழுதிய கணக்கையே சொல்கிறேன். அவர்களிடம் கேட்டுத்தான் சொல்கிறேன், பெயர் சொல்லமாட்டேன். அக்கா தோட்டக் காணியில் கூலி வேலை, புருஷன் மேசன் வேலை, மகன் ஆடைத் தொழிற்சாலையில். மாதச் செலவும் எல்லாத் தவணையும் போக, இறுக்கிப் பிடித்தால் 10,000 ரூபா மிஞ்சும். அதை எந்தக் கடனில் போடுவது என்பதுதான் கேள்வி.

அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. "செவ்வாக்கிழமை வந்தா வாசல்ல நிக்கிறாங்க மாஸ்டர். மத்தப் பொம்பளைங்க முன்னுக்கு மானம் போகுது. அந்தக் குழுக் கடனத்தான் மொதல்ல முடிக்கணும்."

சரி அக்கா, எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன். மகளின் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கம் எடுத்தோம். வீட்டில் இருந்த எல்லாத் துண்டையும் பாயில் போடச் சொன்னேன். குழுக் கடன் புத்தகம், அடகுச் சீட்டு, மகனுடைய கடனட்டைக்கு வந்த மாதக் கூற்று. துண்டே இல்லாத இரண்டு கடன் வாயால் வந்தது. ஒன்று கடைக் கொப்பி. மற்றது மீற்றர் வட்டி. அதைச் சொல்ல அக்காவுக்குக் கால் மணி நேரம் எடுத்தது.

ஒவ்வொரு கடனுக்கும் இன்றைக்கு இருக்கிற மீதி, வட்டி, அடுத்து கட்ட வேண்டிய திகதி, தவறினால் என்ன நடக்கும் என்று எழுதினோம். ஞாபகத்தில் இருந்து எதையும் எழுத விடவில்லை, துண்டைப் பார்த்துத்தான். ஏனென்றால் மகன் தன் அட்டையில் "அம்பதாயிரம் கிட்ட" இருக்கும் என்றான். கூற்றில் 85,000 இருந்தது.

கூற்று இங்கிலிஷில் வருவதால் பலர் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதில் மொத்த மீதியையும், குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகையையும், கடைசித் திகதியையும், வட்டி வீதத்தையும் கண்டுபிடித்தால் போதும். அந்தப் பையனின் கூற்றில் வட்டி ஆண்டுக்கு 26 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 4,250. அவன் மாதா மாதம் அந்த 4,250ஐத் தவறாமல் கட்டி வந்தான். ஆனால் அதில் 1,842 ரூபா அந்த மாத வட்டிக்கே போய்விடும். அட்டையை இனி உரசாமல், ஒவ்வொரு மாதமும் கேட்கிற குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டு வருடத்துக்குப் பிறகு பாதிக் கடன் அப்படியே இருக்கும். முழு மீதியையும் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாட்களும் கிடைக்காது. புதிதாக வாங்குகிற சாமானுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

இப்போது குழுக் கடனுக்கு வருகிறேன். ஒரு இலட்சம் எடுத்தது. புத்தகத்தில் வட்டி 18 என்று இருந்தது. ஒரு வருடத்துக்கு 18,000 வட்டி சேர்த்து, 52 வாரம், வாரத்துக்கு 2,270. மகன் உடனே, "18 தானே, என்ட அட்டை 26" என்றான். அந்த இரண்டு இலக்கமும் ஒரே அளவுகோலால் அளந்தவை இல்லை. அட்டைக்கு அன்றைக்கு இருக்கிற மீதிக்குத்தான் வட்டி. குழுக் கடனில் முழு இலட்சத்துக்கும் முதலிலேயே வட்டி போட்டாகிவிட்டது. ஆனால் முழு இலட்சமும் உங்கள் கையில் இருப்பது முதல் வாரம் மட்டும்தான். அரை வருடத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். வருடம் முழுவதையும் சராசரி பார்த்தால் கையில் இருந்தது ஏறக்குறைய அரை இலட்சம். அதற்கு 18,000 வட்டி என்றால், மீதிக்கு வட்டி போடும் கணக்கில் அது 34 சதவீதத்துக்குக் கிட்ட வரும். இப்படி ஆரம்பத் தொகைக்கே வட்டி போட்டு ஒரு வருடத்தில் முடிகிற கடன் என்றால், எழுதியிருக்கும் வீதத்தை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறையுங்கள். அதுதான் அட்டையோடு ஒப்பிடக்கூடிய வீதம்.

அப்படியென்றால் அக்கா சொன்னது சரிதானே, 34 பெரிது, அதைத்தானே முதலில் முடிக்க வேண்டும்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் பிழைத்துப்போகிறது. வட்டி ஏற்கனவே தவணைக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு மேலதிகமாக 10,000 கொடுத்தால், அது அடுத்த நாலைந்து தவணையை முன்கூட்டிக் கட்டியதாகத்தான் வரவு வைப்பார்கள். வட்டி குறையாது. முழுக் கடனையும் இன்றே முடித்தால் எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன். 32 வாரம் மிச்சம் இருந்தது, தவணைக் கணக்கில் 72,640. முழுதாக முடிக்க 70,500 என்றார்கள். எழுபதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் மிச்சம் 2,140 ரூபாதான். சில இடங்களில் இதைவிடக் கூடக் கழிப்பார்கள். அதனால் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஆகவே வீதத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாமல், ஒவ்வொரு கடனையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டோம். இன்றைக்கு இதில் 10,000 போட்டால் அடுத்த மாதம் எவ்வளவு வட்டி குறையும்? மீற்றர் வட்டியில் 1,000 ரூபா. கடனட்டையில் 217 ரூபா. அடகில் 117 ரூபா. குழுக் கடனில் ஒன்றுமில்லை. கடைக் கொப்பியில் வட்டியே இல்லை.

பாயைச் சுற்றி இருந்த எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மீற்றர் வட்டிக்கு எடுத்தது 20,000 மட்டுந்தான். பட்டியலில் சின்னக் கடன்களில் ஒன்று. மாதம் 2,000 வீதம் 14 மாதம் கட்டியிருக்கிறார்கள். 28,000 போய்விட்டது, 20,000 அப்படியே நிற்கிறது. அதை எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைத் தவணை கட்ட. வேலை இல்லாத ஒரு மாதத்தில், முன்னைய குழுக் கடனுக்காக எடுத்தது.

அடகைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகைக்கு 150,000 எடுத்திருந்தார்கள், வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம், தவணை கார்த்திகையில். பட்டியலில் தொகையில் ஆகப் பெரியது, வட்டியில் மலிந்தது. ஆனால் திகதி தவறினால் போவது நகை. அதனால் அடகில் முதலைக் கட்ட அவசரப்பட வேண்டியதில்லை, திகதியைத் தவற விடவும் முடியாது. வருட வட்டி 21,000. மாதம் 1,750 வீதம் தனியாக எடுத்து வைத்தால் கார்த்திகையில் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கலாம். அந்த 1,750ஐ மாதத் தவணைகளோடு சேர்த்துத்தான் 10,000 மிச்சம் என்று கணக்குப் போட்டோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மீற்றர் வட்டிக்காரர் முதலைத் துண்டு துண்டாக வாங்கமாட்டேன், முழுதாகத் தா என்றார். அவர்களுக்கு அதுதான் லாபம். அதனால் பங்குனியும் சித்திரையும் 10,000 வீதம் தபாற்கந்தோர் புத்தகத்தில் போட்டு, சித்திரைக் கடைசியில் 20,000ஐயும் ஒரே தடவையில் கொடுத்தார்கள். கொடுக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் சாட்சிக்குப் போனார், எழுதிக் கொடுத்திருந்த துண்டைத் திருப்பி வாங்கிக் கிழித்தார்கள். இதைச் செய்யாமல் வராதீர்கள். துண்டு அவரிடம் இருக்கும்வரை கடனும் இருக்கும்.

அத்தோடு மாத வட்டி 2,000 மிஞ்சியது. 10,000 இப்போது 12,000. அதைக் குறைந்தபட்சம் 4,250ஓடு சேர்த்து வைகாசியில் இருந்து மாதம் 16,250 அட்டைக்கு. கூற்றில் குறைந்தபட்சத் தொகை மாதா மாதம் இறங்கும். அதைப் பார்த்துக் கையை இறக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். ஐப்பசியோடு அட்டை முடிந்தது. குழுக் கடன் தன் பாட்டில் வாரா வாரம் போய், புரட்டாசிக் கடைசியில் முடிந்தது. அதில் ஒரு வாரம்கூடத் தவற விடவில்லை. தவறினால் மற்றப் பெண்கள்தான் கையில் இருந்து போட வேண்டும். முதலில் முடிக்க வேண்டியதில்லை என்றால் கட்ட வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முடிகிற நேரத்தில், எதிர்பார்த்தபடியே, ஒன்றரை இலட்சம் தருகிறோம் என்று புதுப் புத்தகத்தோடு வந்தார்கள். அக்கா எனக்கு டெலிபோன் எடுத்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியைப் பாருங்கள் என்றேன். எடுக்கவில்லை. கார்த்திகையில் அடகு வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துவிட்டு, இப்போது மாதம் 26,000 அளவில் நகைக்குச் சேர்க்கிறார்கள். கடைக் கொப்பிக்கு மாதம் கொஞ்சம் போகிறது. வட்டி இல்லை என்பதற்காகக் கடைக்காரரைக் கைவிட முடியாது, அரிசி அங்கேதான் வாங்க வேண்டும்.

பட்டியலில் விடுபடுகிற ஒன்றும் உண்டு. அடுத்தவருக்குப் பிணை வைத்த கையெழுத்து. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம், நாம் கிறிப் என்கிறோமே, அதில் உங்கள் பெயரில் உள்ள அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். எப்படி விண்ணப்பிப்பது என்று வங்கியில் விசாரியுங்கள். அந்த வீட்டில் எடுத்தபோது, அக்கா தன் நாத்தனாருக்குப் பிணை நின்ற கடன் ஒன்று வந்தது. அக்கா அதை மறந்தே போயிருந்தா. அதைத் தனி வரியில் எழுதி வைத்தோம். மீற்றர் வட்டியும் கடைக் கொப்பியும் அந்த அறிக்கையில் வராது. அவை உங்கள் வாயில் இருந்துதான் வர வேண்டும்.

2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் சேர்த்து, பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அப்படி ஒரு அறிவிப்பு வரும்போது, உங்கள் கடன் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று உங்கள் புத்தகம்தான் சொல்லும். தவணை கட்டிய ஒவ்வொரு கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். புத்தகத்தை அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கூட்டம் முடிந்த பிறகு நான் அந்த மேசையில் இருப்பேன். துண்டுகளைக் கொண்டுவந்தவர்கள் வாருங்கள். ஒரு கொப்பியும் கொண்டு வாருங்கள், நானே எழுதித் தரமாட்டேன், நீங்கள்தான் எழுத வேண்டும். மீற்றர் வட்டி பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தால் கடைசியில் நில்லுங்கள், மற்றவர்கள் போன பிறகு பார்ப்போம்.